நிழல் பார்த்தவர் முடிவும் சொல்ல வேண்டும்

வீட்டுச் சோலாருக்கு ஆய்வு செய்து தரும் அறிக்கைகள் பலவற்றின் கடைசி வரி ஒன்றுபோலவே இருக்கிறது: 'மின் உற்பத்தி வானிலை, நிழல் முதலியவற்றைப் பொறுத்து மாறக்கூடும்.' பொய்யில்லை. ஆனால் அந்த வரி எழுதியவரைத்தான் காப்பாற்றும். உற்பத்தி பாதியாகக் குறைந்தால், 'அன்றைக்கே சொன்னேனே' என்பார்.

கோயம்புத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவு. மொட்டைமாடியின் தென்புறம் பேனல் மட்டத்துக்கு மேல் ஆறடி உயர்ந்த தண்ணீர்த் தொட்டி. மே மாதம் ஆய்வுக்கு வருபவர் கண்ணில் தொட்டி நிழல் படாது. அப்போது நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் அதே தொட்டியின் நிழல் நண்பகலில் வடக்கே நான்கடி, காலை ஒன்பது மணிக்கு வடமேற்கே ஒன்பதடிக்கு மேல் நீளும். பேனல்கள் ஒரே சரமாக இணைக்கப்பட்டிருந்தால் ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கலாம்.

இங்கே நேர்மையான முடிவு இப்படி இருக்கும்: '2 கிலோவாட் ஏற்றது, 3 கிலோவாட் தேவையில்லை. ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 480 யூனிட். பேனல்கள் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி வடக்கே அமைய வேண்டும். இடமில்லையென்றால் போட வேண்டாம். தெற்கு மனையில் மாடி எழும்பினால் இந்தக் கணக்கு செல்லாது.'

வானிலை மாறும் என்பதையும் இதில் மறைக்கத் தேவையில்லை. மழைமாதத்தில் எவ்வளவு இறங்கும், வெயில்மாதத்தில் எவ்வளவு ஏறும் என்று எண்ணாகவே எழுதலாம். 'மாறக்கூடும்' என்பது எண்ணைத் தவிர்ப்பதற்கான வழி. 'வேண்டாம்' என்ற அறிக்கையும் காசுக்கு மதிப்புள்ளதே; விற்பவரே ஆய்வாளராக இருக்கும்போது அது அபூர்வமாகத்தான் வரும். மத்திய அரசின் மானியம் 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 என்பதைக் காட்டிப் பெரியதைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன்பே முடிவு, உற்பத்தி எண், நிபந்தனை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நிபந்தனையையும் நிறைவேற்றுவது யார் பொறுப்பு, நிறைவேறாவிட்டால் என்ன என்பதும் அதில் இருக்கட்டும். அந்த அறிக்கையை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். மாதாமாதம் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

சொன்ன அளவு வராவிட்டால் முதலில் நிறுவியவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வாக்களித்த யூனிட்டையும் வந்த யூனிட்டையும் அங்கே அருகருகே வைத்துக் காட்ட, எண் எழுதிய அந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும்.