கிம்பலும் கைப்பேசியும்: செயலியால் ஆவதும் ஆகாததும்

கிம்பல் என்பது கேமரா ஆடாமல் தாங்கிக்கொள்ளும் மோட்டார் கைப்பிடி. நடந்துகொண்டே படம் எடுப்பவரின் கை எவ்வளவு குலுங்கினாலும், அதிலுள்ள உணரிகள் அதைக் கண்டறிகின்றன. மூன்று மோட்டார்கள் உடனே எதிர்த்திசையில் திரும்பிக் கேமராவை நிலையாக வைத்திருக்கின்றன. இடவலமாகத் திரும்புவது பான், மேலும் கீழும் நிமிர்வது டில்ட், பக்கவாட்டில் சாய்வது ரோல். மூன்று அச்சுகளுக்கும் ஒவ்வொரு மோட்டார். இந்தக் கணக்கு முழுவதையும் கிம்பலுக்குள் இருக்கும் கணினியே போடுகிறது. கைப்பேசிச் செயலியின் வேலை, அந்தக் கணினிக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது.

கண்ணாடியில்லாக் கேமராக்களுக்காக 2022-இல் வந்த டிஜேஐ ஆர்எஸ் 3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று கிலோ வரை எடையைத் தாங்கும் இந்தக் கிம்பலுக்கு உரிய செயலி ரோனின். முதலில் கேமராவைப் பொருத்தி, எடையைச் சமன் செய்து, கிம்பலை இயக்க வேண்டும். பிறகு கைப்பேசியில் புளூடூத்தை இயக்கிவிட்டு, செயலிக்குள் நுழைந்து, அங்கே தெரியும் கிம்பலின் பெயரைத் தொட வேண்டும். கேட்கப்படும் கடவுச்சொல், மாற்றாமல் இருந்தால், 12345678. புதிய கிம்பல் என்றால் ஒருமுறை பதிவுசெய்து செயல்படுத்த வேண்டும். அதற்கு டிஜேஐ கணக்கும் இணையமும் தேவை.

இந்த இடத்தில் பலர் தடுமாறுவது, கைப்பேசியின் புளூடூத் அமைப்பில் கிம்பலைத் தேடுவதால்தான். ஹெட்போனைப்போல அங்கே இணைக்கக் கூடாது. செயலிக்குள்தான் இணைக்க வேண்டும். செயலியிலும் பெயர் தெரியாவிட்டால் அனுமதிகளைப் பார்க்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பிட அனுமதி இல்லாவிட்டால் செயலியால் புளூடூத் கருவிகளைத் தேடவே முடியாது. ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கென்று தனி அனுமதி இருக்கிறது. அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் பெயர் வராவிட்டால், வேறொருவரின் கைப்பேசியில் செயலி திறந்து, கிம்பல் அதனுடன் ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

இணைந்ததும் முதலில் செய்யத்தக்கது சமநிலைச் சோதனை. கிம்பல் தானாகச் சற்று அசைந்து பார்த்து, ஒவ்வோர் அச்சிலும் சமநிலை சரியா இல்லையா என்று திரையில் காட்டும். செயலி குறையைச் சொல்லுமே தவிர, அதைத் திருத்தாது. கேமராவைத் தட்டில் முன்னோ பின்னோ நகர்த்தி, கைகளின் நீளத்தை மாற்றிச் சமன் செய்வது மனிதரின் வேலை. சமன் இல்லாத கேமராவை மோட்டார்கள் பலத்தால் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அப்போது அவை சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

சமன் சரியான பின் மோட்டார்களின் பலத்தை அளவிட வேண்டும். இதைத் தானாகச் செய்யும் வசதியின் பெயர் ஆட்டோ டியூன். கிம்பலைச் சிறு முக்காலிக் காலில் சமதளத்தில் நிறுத்திப் பொத்தானைத் தொட்டால், கேமரா சிறிது நேரம் அதிர்ந்து ஓயும். அதற்குள், பூட்டியிருக்கும் எடைக்கு எவ்வளவு பலம் போதும் என்பதைக் கிம்பல் கண்டுகொள்கிறது. பலம் மிகுந்தால் மோட்டார் ரீங்கரிக்கும், படத்தில் நுண்ணிய நடுக்கம் தெரியும். குறைந்தால் கேமரா தளர்ந்து, கைத்திருப்பத்துக்குப் பின்தங்கி வரும். லென்ஸை மாற்றினால் எடையும் மாறும் என்பதால், சமன் செய்வதையும் ஆட்டோ டியூனையும் மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்தது, கேமரா கையை எப்படிப் பின்தொடர வேண்டும் என்ற அமைப்பு. ஒவ்வோர் அச்சுக்கும் வேகத்தைத் தனித்தனியே வைக்கலாம். வேகத்தைக் குறைத்தால், கையைச் சட்டென்று திருப்பினாலும் கேமரா நிதானமாகவே திரும்பும். நடந்து எடுக்கும் காட்சிக்கு அது ஏற்றது. ஓடும் விளையாட்டு வீரரைத் தொடர வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும். கை எத்தனை பாகை திரும்பிய பிறகு கேமரா அசையத் தொடங்க வேண்டும் என்பதையும் குறிக்கலாம். அந்த எல்லைக்குள் நிகழும் சிறு கைத்திருப்பங்களைக் கேமரா பொருட்படுத்தாது. இந்த அமைப்புகளை எம்1, எம்2, எம்3 என்ற மூன்று தொகுப்புகளாகக் கிம்பலிலேயே சேமிக்கலாம்.

கிம்பலைத் தொடாமல் தொலைவிலிருந்து திருப்பவும் செயலி உதவுகிறது. திரையில் தோன்றும் ஜாய்ஸ்டிக்கை விரலால் நகர்த்தினால் கேமரா திரும்பும். இன்னொரு வழியில், கைப்பேசியைத் திருப்பும் திசையிலெல்லாம் கேமராவும் திரும்பும். ஆனால் கேமரா எதைப் பார்க்கிறது என்பது கைப்பேசியில் தெரியாது. புளூடூத் வழியே செல்பவை கட்டளைகள் மட்டுமே. வீடியோவைச் சுமக்க அது போதாது. கைப்பேசியில் படம் தெரிய வேண்டுமென்றால், கேமராவின் ஹெச்டிஎம்ஐ வெளியீட்டை வைஃபை மூலம் அனுப்பும் தனிக் கருவியைக் கிம்பலில் பொருத்த வேண்டும். டிஜேஐயின் ரேவன் ஐ அப்படிப்பட்டது. திரையில் ஓர் ஆளைக் குறித்துவிட்டால் கேமரா அவரைத் தானாகப் பின்தொடரும் வசதிக்கும் இந்தக் கருவி தேவை, ஏனெனில் படத்தைப் பார்க்காமல் ஆளை அடையாளம் காண முடியாது.

செயலியின் பயனை நன்கு காட்டுவது, கேமரா மெல்லத் திரும்பிக்கொண்டே எடுக்கும் டைம்லாப்ஸ். மாலை வானத்தை இடமிருந்து வலமாக 60 பாகை திரும்பி எடுத்து, 10 வினாடி வீடியோவாக ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 25 படம் என்றால் 250 படங்கள் தேவை. நான்கு வினாடிக்கு ஒன்று எடுத்தால் 1000 வினாடி, அதாவது 16 நிமிடம் 40 வினாடி ஆகும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கேமரா ஏறக்குறைய கால் பாகை திரும்பும். செயலியில் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் குறித்து, இடைவெளியையும் மொத்த நேரத்தையும் கொடுத்தால் போதும். மற்றதைக் கிம்பல் பார்த்துக்கொள்ளும்.

இடைவெளியைத் தீர்மானிக்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். இருட்டிய பின் ஒவ்வொரு படத்துக்கும் மூன்றரை வினாடி ஒளி தேவைப்பட்டால், நான்கு வினாடி இடைவெளியில் கேமரா திரும்பி நிலைகொள்ள அரை வினாடிதான் மிஞ்சும். படங்கள் கலங்கி வந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

டைம்லாப்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிம்பல் ஒழுங்காகத் திரும்பி முடித்திருக்கும்; கார்டில் ஒரு படமும் இருக்காது. கைப்பேசிக்கும் கிம்பலுக்கும் உள்ள இணைப்பு வேறு, கிம்பலுக்கும் கேமராவுக்கும் உள்ள இணைப்பு வேறு என்பதே இதற்குக் காரணம். ஷட்டரைக் கிம்பல் அழுத்த வேண்டுமென்றால், கேமராவையும் அதனுடன் கேபிளிலோ புளூடூத்திலோ சேர்த்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே அறிய, கிம்பலின் படப்பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும். ஷட்டர் இயங்கினால் இணைப்பு சரி. கேமரா கிம்பலுடன் சேராத வகை என்றால், கேமராவிலேயே இடைவெளி எடுப்பை அமைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒளித்துளை, ஐஎஸ்ஓ போன்றவற்றைக் கிம்பல் வழியே மாற்ற முடியுமா என்பதும் கேமரா மாடலைப் பொறுத்தது. நிறுவனம் வெளியிடும் பொருத்தப் பட்டியலில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கிம்பலின் உள் மென்பொருளைப் புதுப்பிப்பதும் செயலி வழியேதான். அந்த நேரத்தில் பேட்டரி போதிய அளவு இருக்க வேண்டும், செயலியை விட்டு வெளியேறக் கூடாது. மற்ற அமைப்புகள் கிம்பலிலேயே பதிந்துவிடுவதால், அவற்றை ஒருமுறை செய்து முடித்த பின் சாதாரணப் படப்பிடிப்புக்குக் கைப்பேசி தேவைப்படாது.