புறப்பட்ட இடத்திற்கே திரும்பினோமா?

நிலத்தைக் கோடு கோடாக அளந்து சுற்றி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வது மூடிய டிராவர்ஸ். ஒவ்வொரு கோட்டின் நீளத்தையும், வடதிசையிலிருந்து அது திரும்பும் கோணத்தையும் குறிக்கிறோம். நீளத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வடக்கே சென்ற தூரம் கிடைக்கும், அது லாட்டிட்யூடு. சைனால் பெருக்கினால் கிழக்கே சென்ற தூரம், அது டிபார்ச்சர். தெற்கும் மேற்கும் கழித்தல் குறி பெறும். திரும்பி வந்துவிட்டதால் இரண்டின் கூட்டுத்தொகையும் பூஜ்யமாக வேண்டும்.

நாங்கள் திடலில் ஒரு முக்கோணத்தை 20 மீட்டர் சங்கிலியால் அளந்தோம். கிழக்கே 80 மீட்டர், வடக்கே 60, பிறகு 233 பாகையில் 80. கடைசிக் கோடு ஏறத்தாழ தெற்கே 48, மேற்கே 64 மீட்டர் தந்தது. ஆகவே வடக்கில் 12, கிழக்கில் 16 மிஞ்சின. பிதாகரஸ் தேற்றப்படி இடைவெளி 20 மீட்டர். ஒரு முழுச் சங்கிலி! அதன் சாய்வும் கடைசிக் கோட்டின் சாய்வேதான். அந்தக் கோட்டில்தான் ஒரு சங்கிலியை எண்ணாமல் விட்டிருந்தோம்.

மீண்டும் அளந்தோம், 100 மீட்டர் வந்தது. இப்போது வடக்கில் 24 செ.மீ., மேற்கில் 18 செ.மீ. மட்டுமே மிச்சம். இத்தகைய சிறு பிழையை நீளங்களின் விகிதத்தில் பகிரலாம். 24 செ.மீட்டரை 8, 6, 10 எனப் பிரித்து மூன்று கோடுகளிலும் கழித்தோம். மேற்கின் மிச்சத்தையும் அவ்வாறே சரிசெய்தோம். முதலில் வந்த 20 மீட்டரைப் பகிர்ந்திருந்தால் சரியான கோடுகளும் கெட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் இக்கணக்கு காட்டாது. சங்கிலியே நீண்டுபோயிருந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் குறையும். கணக்கு மூடிக்கொள்ளும், பரப்பளவோ தவறாகும். எனவே சங்கிலியை முதலில் சரிபார்க்க வேண்டும்.