பெயரை மறைத்தாலும் யார் பேசுவது தெரிகிறதா?

வானொலி நாடகத்தில் இரண்டு பேரின் குரல் ஒன்றுபோல் இருந்தால், “இப்போது பேசியது அம்மாவா, அத்தையா?” என்று கேட்பவர் குழம்பிப்போவார். பல பேர் மாறி மாறிக் கதை சொல்லும் நாவலிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே சொற்களைத் தவிர வேறு குரல் கிடையாது.

இதை நன்றாகக் கையாண்ட நாவல், அமெரிக்க எழுத்தாளர் பார்பரா கிங்சால்வரின் ‘தி பாய்சன்வுட் பைபிள்’ (1998). 1959இல் காங்கோ நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு மதம் பரப்பப் போகும் ஒரு பாதிரியாரின் குடும்பக் கதை இது. பாதிரியார் எதையும் சொல்வதில்லை. அவர் மனைவியும் நான்கு மகள்களும்தான் சொல்கிறார்கள்.

ஓர் இரவு படையெறும்புகள் ஊருக்குள் புகுகின்றன. எல்லாரும் ஆற்றை நோக்கி ஓடுகிறார்கள். அழகில் அக்கறையுள்ள மூத்தவள் ரேச்சல், எடுத்துக்கொண்டு ஓடுவது தன் கைக்கண்ணாடியை. சொற்களை அடிக்கடி மாற்றிப் பேசுகிறவள் அவள். அந்தத் தடுமாற்றமே அவள் அடையாளம். லேயாவின் மனம் படகில் அனத்தோலுடன் நடக்கும் பேச்சில் இருக்கிறது. அவளுடைய இரட்டைச் சகோதரி ஏடாவுக்குப் பிறவியிலேயே உடலின் ஒரு பக்கம் சரியாக இயங்காது. அதிகம் பேசாத அவள், சொற்களைப் பின்னாலிருந்து படித்து விளையாடுகிறவள். அன்று அம்மா கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு, தன்னை விட்டுவிட்டுப் போனதை அவள் பார்க்கிறாள்.

எல்லாரும் ஒரே நடையில் பேசியிருந்தால், ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்த அலுப்புதான் மிஞ்சும். ஏடாவின் காயமும் இன்னொரு தகவலாகப் போயிருக்கும். யார் எதைக் கவனிக்கிறார் என்பதில்தான் குரல் பிறக்கிறது; சொல் தேர்வு அதற்கு அடுத்தது.

குரல்கள் கலந்துபோனதை வாசகர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? முதல் அறிகுறி, அத்தியாயத் தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்க்கப் பக்கத்தைத் திருப்புவது. அடுத்தது உவமை. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியும் கோலாலம்பூர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பேத்தியும் கதை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி, “பெரட்டுக்குப் போற நேரம்” என்பார். பேத்தி, “ஐந்தரை மணி” என்பாள். பேத்தியும் தன் துக்கத்தைப் பால்மரத்து வெட்டுக்கு ஒப்பிட்டால், பேசுவது பேத்தி அல்ல, எழுத்தாளர் என்று தெரிந்துவிடும்.

தமிழில் உறவுமுறையும் கைகொடுக்கும். ஒரே மனிதர் பாட்டிக்கு ‘தம்பி’, மருமகளுக்கு ‘அவரு’, பேத்திக்கு ‘அப்பா’. ஆனால் அழைப்புச் சொல்லையும் வட்டார வழக்கையும் மட்டும் மாற்றிவிட்டு, எல்லாரையும் ஒன்றுபோலச் சிந்திக்க வைத்தால் அது வேஷம்தான். வழக்கை அளவுக்கு மீறித் திணித்தாலும் படிப்பவர் களைத்துப்போவார்.

அடுத்த முறை இப்படி ஒரு நாவல் கையில் கிடைத்தால், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தலைப்பை விரலால் மறைத்து, ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். மூன்று நான்கு வரிக்குள் பேசுகிறவர் பிடிபடுகிறாரா என்று பாருங்கள்.