உங்களுக்குத் தெரியுமா? விதைக்கு ஒரு கணக்கு, மணிக்கு ஒரு கணக்கு

தஞ்சை விவசாயி வாங்கும் சான்று நெல் விதை குறைந்தது 80 சதவீதம் முளைக்க வேண்டும். சரியாக 80 சதவீதத் திறனுள்ள குவியலில் நூறு விதையை எடுத்துச் சோதித்தாலும், முளைப்பது பெரும்பாலும் 72-க்கும் 88-க்கும் இடையே ஏறி இறங்கும். முளைக்கும் அல்லது முளைக்காது என்ற இந்தக் கணக்குதான் ஈருறுப்புப் பரவல். ஆய்வகம் 400 விதையைச் சோதிப்பதால் சதவீதத்தில் அந்த ஏற்ற இறக்கம் பாதியாகிறது.

தொலைபேசி அழைப்புகளை எண்ணும்போது ‘நூறில் எத்தனை’ என்று கேட்க முடியாது. அழைக்கக்கூடியவர்கள் ஏராளம், அழைப்பவர்கள் சிலர். 1909-இல் டென்மார்க்கின் எர்லாங் இதற்குப் பாய்சான் பரவலைப் பொருத்தினார். உழவர் உதவி எண்ணுக்கு நிமிடத்துக்குச் சராசரி 3 அழைப்பு என்று வைத்துக்கொண்டால், மணியே அடிக்காத நிமிடம் இருபதில் ஒன்று.

புயல் நாளில் டெல்டாவே ஒருசேர அழைக்கும். அப்போது, அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் வரும் என்று நம்பும் இந்தக் கணக்கு உதைக்கும்.