கேலரியிலிருந்து தெரியுமா அந்த நம்பர்?

புது ஜெர்சியை அறிமுகப்படுத்தும்போது வீரரைக் கேமராவுக்கு மிக அருகில் நிறுத்துகிறார்கள். அந்தத் தூரத்தில் எல்லா ஜெர்சியும் அழகுதான். டிக்கெட் வாங்கி மேல் கேலரியில் உட்கார்ந்திருப்பவர் 100 மீட்டர் தள்ளி ஓடும் வீரரை முதுகில் இருக்கும் நம்பரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். ஜெர்சியை அங்கிருந்துதான் மதிப்பிட வேண்டும்.

நல்ல பார்வையுள்ள கண்ணால் 100 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்தறிய முடியாது. எனவே நம்பரின் உயரத்தைவிட அதன் கோடும், கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடமும்தான் முக்கியம். 3 என்ற எண்ணின் இடப்பக்கத் திறப்பு 1 சென்டிமீட்டர்தான் என்றால் 35 மீட்டர் தாண்டியதுமே அது மூடிக்கொண்டு 8 போலத் தெரியும். 25 சென்டிமீட்டர் உயரத்தில் அச்சடித்தும் பயனில்லை.

அமெரிக்கக் கால்பந்து அணியான டம்பா பே பக்கனீர்ஸ் 2014இல் டிஜிட்டல் கடிகார எண்களைப் போன்ற நம்பர்களைக் கொண்டுவந்தது. ரசிகர்கள் அவற்றை அலாரம் கடிகார எண்கள் என்றார்கள். அந்தப் பாணியில் 6, 9 இரண்டும் 8இலிருந்து ஒரேயொரு கோட்டில்தான் வேறுபடும். தூரத்தில் முதலில் தொலைவதும் அந்தக் கோடுதான். 2020இல் அணி அந்த உடையைக் கைவிட்டது.

அடுத்தது நிறம். நீலத்தில் சிவப்பு எண் அருகில் பளிச்சென்று இருக்கும், தொலைவில் இரண்டும் ஒரே இருட்டு. ஜெர்சியின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நம்பர் மங்கினால் கேலரியிலும் மங்கும். கோடு போட்ட சட்டையானால் முதுகில் நம்பருக்கென்று ஒரே நிறத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும்.

இனி ஸ்பான்சர். பணம் தருபவருக்கு இடம் வேண்டும், அது நியாயமே. ஆனால் முதுகின் நடுப்பகுதி நம்பருக்கே உரியது. மேலே பெரிய லோகோ வந்தால் நம்பர் இடுப்புக்கு இறங்கும். சட்டையை உள்ளே செருகியதும் அதன் கீழ்ப்பாதி மறைந்துவிடும். நம்பரை ஒட்டிக் கட்டம் கட்டிய லோகோ வைத்தால் கண் முதலில் கட்டத்துக்குத்தான் போகும். என்.பி.ஏ. கூடைப்பந்தில் 2017-18 முதல் இடப்பக்க மார்பில் சுமார் 6 சென்டிமீட்டர் சதுர ஒட்டு மட்டும் அனுமதித்தார்கள். நெஞ்சில் இருந்த நம்பர் அசையவில்லை. பிரீமியர் லீக்கும் அதே பருவத்தில் சட்டைக் கையில் கூடுதல் ஸ்பான்சரை அனுமதித்தது. டி.வி. குளோசப்பில் சட்டைக் கை நன்றாகவே தெரியும், நம்பருக்கும் தொந்தரவில்லை. என் கணக்கில் ஸ்பான்சருக்கு நெஞ்சும் கையுமே சரியான இடங்கள்.

உங்கள் கல்லூரிக்கோ கிளப்புக்கோ ஜெர்சி தைக்கக் கொடுக்கும் முன் 3, 6, 8 எண்களைப் பத்தில் ஒரு பங்கு அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, 10 மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். தடுமாறினால் அந்த எழுத்துருவை மாற்றச் சொல்லுங்கள்.