பெட்ரோல் தொட்டி வழியாமல் காப்பது எது?

2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. லண்டனுக்கு வடக்கே, ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஊரை ஒட்டிய பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912ஆம் எண் தொட்டிக்குக் குழாய் வழியே பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மணி சுமாருக்கு மட்டம் காட்டும் கருவி சிக்கி நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் அதே பழைய அளவு. தொட்டியிலோ பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்தரை மணியைத் தாண்டியதும் வழியத் தொடங்கியது. 6.01க்கு ஆவி மேகம் வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள்.

மட்டக் கருவி ஏமாற்றினாலும் பெட்ரோல் வரத்தை நிறுத்த, தொட்டி உச்சியில் தனியாக ஒரு சுவிட்ச் இருந்தது. அதைச் சோதிக்க ஒரு நெம்புகோல் உண்டு. சோதனை முடிந்ததும் நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தி ஒரு பூட்டைப் போட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் இறங்கி, சுவிட்ச் செயலற்றுப் போகும். யாரும் கை வைக்காமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருந்தார்கள். அன்று பூட்டு இல்லை. சுவிட்சும் வேலை செய்யவில்லை.

மறைந்திருக்கும் பழுது

நிரம்பும் தொட்டியைத் தானாக நிறுத்தும் இந்த ஏற்பாட்டை ‘ஓவர்ஃபில் டிரிப்’ என்கிறார்கள். மட்டத்தை உணரும் சென்சார், முடிவெடுக்கும் மின்னணுப் பெட்டி, குழாயை மூடும் வால்வு மூன்றும் சேர்ந்தது அது. பல வருடங்கள் அதற்கு வேலையே வராது. அதனால் பழுதானாலும் தெரியாது. கரண்ட் போகும்போதுதான் இன்வெர்ட்டர் பேட்டரி செத்துக் கிடப்பது தெரிவது போல.

அந்தப் பழுதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கருவியே தன்னைக் கவனித்துக்கொள்வது. ரேடார் சென்சார் எந்நேரமும் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் அனுப்பும். கம்பி அறுந்தால் அது நின்று உடனே அலாரம் அடிக்கும். பெட்ரோல் ஏறும்போது மட்டம் அசையாவிட்டாலும் அலாரம் அடிக்கும்படி அமைக்கலாம். ஆபத்தான பழுதுகளில் எத்தனை சதவீதம் இப்படித் தானாகத் தெரியவருகிறதோ, அதுதான் ‘டயக்னாஸ்டிக் கவரேஜ்’. பழைய மிதவை சுவிட்சில் இது ஏறக்குறைய பூஜ்யம். தெரிந்த பழுதுக்கும் ஆள் வந்து முழுசாகச் சரிசெய்தால்தான் பயன். 912இன் மட்டக் கருவி அதற்கு முந்தைய மூன்றரை மாதத்தில் 14 முறை சிக்கியிருந்தது.

இரண்டாவது வழி, ஆட்கள் குறிப்பிட்ட இடைவெளியில் செய்யும் ‘ப்ரூஃப் டெஸ்ட்’. தானாகத் தெரியாத பழுதை இதுதான் பிடிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு டிரிப்பில் ஆபத்தான பழுது வருடத்துக்கு 0.04, அதாவது 25 வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். டயக்னாஸ்டிக் கவரேஜ் 50 சதவீதம் என்றால் 0.02 மறைந்தே இருக்கும். இரண்டு சோதனைகளுக்கு நடுவே பழுது எந்த நாளிலும் வரலாம். சராசரியாகப் பாதி இடைவெளி அது ஒளிந்திருக்கும். வருடம் ஒரு சோதனை என்றால் 0.02 × 1 ÷ 2 = 0.01. நூறு முறை தேவைப்பட்டால் ஒரு முறை கைவிடும்.

இந்தக் கணக்கு, சோதனை எல்லாப் பழுதையும் பிடிக்கும் என்று நம்புகிறது. அது 70 சதவீதத்தைத்தான் பிடிக்கிறது, மீதி 30 சதவீதம் கருவியைப் பத்து வருடத்தில் மாற்றும்வரை அப்படியே கிடக்கிறது என்றால்? முதல் பங்கு 0.007. இரண்டாவது பங்கு 0.006 × 10 ÷ 2 = 0.03. மொத்தம் 0.037, இப்போது 27 முறைக்கு ஒரு முறை கைவிடும். பயந்துபோய் ஆறு மாதத்துக்கொரு முறை சோதித்தாலும் 0.0335 வரைதான் இறங்கும். அரைகுறைச் சோதனையை இரட்டிப்பாக்கிப் பெரிய பலன் இல்லை. சோதனை 95 சதவீதத்தைப் பிடித்தால், வருடம் ஒரு முறையிலேயே 0.0145க்கு வந்துவிடும்.

எது நல்ல சோதனை?

பட்டனை அழுத்தி அலாரம் கேட்டால் மின்சுற்று உயிரோடு இருப்பது மட்டும் தெரியும். மிதவை துருப்பிடித்து ஒட்டியிருக்கிறதா, வால்வு முழுசாக மூடுகிறதா என்பது தெரியாது. முடிந்த இடத்தில் கண்காணிப்போடு திரவத்தையே சென்சார் வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். வால்வு எத்தனை விநாடியில் மூடுகிறது, மூடிய பின் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சோதனைக்கு முன் கருவியைத் துடைத்து, வால்வை ஒருமுறை ஆட்டிவிட்டால் உண்மை மறைந்துவிடும். வந்து பார்த்தபோது இருந்த நிலையைத்தான் முதலில் பதிய வேண்டும். எல்லாம் முடிந்ததும், சோதித்தவர் அல்லாத இன்னொருவர் ஒவ்வொன்றும் பழைய நிலைக்குத் திரும்பியதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

சோதனைப் பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் இருக்க வேண்டும்: இந்தச் சோதனையால் பிடிபடாத பழுதுகள் எவை, அவற்றுக்காகக் கருவியை எந்த வருடம் கழற்றிப் பார்க்கப்போகிறோம் அல்லது மாற்றப்போகிறோம். அந்தப் பத்தி காலியாக இருந்தால், சோதனை இடைவெளிக்காகப் போட்ட கணக்கை நம்ப முடியாது.