பொங்கற் காட்சியைப் பிள்ளைக்குச் சொல்லும் முறை

தை மாதம் அண்மிக்கும் வேளையில், தமிழ்ப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “கரும்பு, பொங்கற்பானை, மாடு, காலைச் சூரியன் ஆகியவற்றைச் சேர்த்துப் பொங்கற் காட்சி ஒன்றை வரைக” என்று கூறுவது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. நான்கு சொற்களும் எமக்கு நன்கு பழகியவை. அவற்றைக் கேட்டவுடன் எமது மனத்தில் ஊர் முற்றம் ஒன்று தானாகவே விரிகின்றது. ஆகவே, பிள்ளைக்கும் அவ்வாறே விரியும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம்.

ஆனால் டென்மார்க்கில் பிறந்து வளரும் பிள்ளை வரைந்து தரும் படத்தை உற்றுப் பாருங்கள். பானை, தட்டையான அடியுடைய பூச்சாடியாக நிற்கும். மாடு கறுப்பும் வெள்ளையுமாக, கொம்பும் திமிலும் இன்றி, காதில் இலக்கத் தகட்டுடன் நிற்கும். கரும்பு, மூங்கிலாகவோ ஃபியோர்ட் கரையில் வளரும் நாணலாகவோ தோன்றும். சூரியன் தாளின் மேல்மூலையில் கால்வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை பிழைவிடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தான் கண்ட பொருளையே அது வரைந்திருக்கின்றது. குறை, நாம் கொடுத்த குறிப்பிலேயே உள்ளது. பொருட்களின் பெயரைச் சொன்ன நாம், இடத்தையும் நேரத்தையும் அங்கே நடப்பது என்ன என்பதையும் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

இந்நான்கினையும் யாழ்ப்பாணத்து முற்றம் ஒன்றில் வைத்து, பிள்ளைக்கு விளங்கும் வகையில் எவ்வாறு கூறலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

சூரியன்

முதலிற் சொல்ல வேண்டியது சூரியனைப் பற்றியே. ஏனெனில், படத்தின் ஒளியும் நிழலும் அதனாலேயே அமைகின்றன. தைப்பொங்கல் நாளில் யாழ்ப்பாணத்தில் சூரியன் காலை ஏறத்தாழ 6.30 மணிக்கு எழுகின்றது. நாம் கிழக்கு என்று பொதுவாகச் சொன்னாலும், அந்நாளில் அது நேர்கிழக்கில் எழுவதில்லை. சற்றுத் தெற்கே விலகியே எழும். கையை நேராக நீட்டி முட்டி பிடித்தால், அம்முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். கிழக்கு நோக்கி நிற்பவருக்கு, தைச் சூரியன் நேர்கிழக்கிலிருந்து இரண்டு முட்டி தூரம் வலப்புறமாக எழும்.

அதே நாளில் ஹேர்னிங் நகரிற் சூரியன் எழுவது காலை ஏறத்தாழ 8.45 மணிக்கு. எழும் இடமும் நேர்கிழக்கிலிருந்து நான்கு முட்டி தூரம் வலப்புறமாக, ஏறக்குறைய தென்கிழக்கில் இருக்கும். மாலை 4.20 அளவில் அது மறைந்துவிடும். ஆகவே, இந்நாட்டுப் பிள்ளைக்குத் தை மாதத்தில் “அதிகாலைச் சூரியன்” என்பது பாடசாலை தொடங்கிய பின் யன்னலில் தெரியும் ஒரு பொருளாகும். அதிகாலை என்றால் அதற்கு இருள்தான்.

எனினும், பொங்கல் வேளையின் ஒளியை இந்நாட்டிலேயே பிள்ளைக்குக் காட்ட ஒரு வழி உண்டு. தை நடுப்பகுதியில் ஹேர்னிங்கிற் சூரியன் மிக உயர்ந்து நிற்பது பகல் 12.30 மணியளவில். அப்போதும் அதன் உயரம் ஏறத்தாழ 13 பாகை மட்டுமே. யாழ்ப்பாணத்திற் சூரியன் எழுந்து ஒரு மணித்தியாலத்தில், அதாவது பால் பொங்கி வழியும் 7.30 மணியளவில், அதே உயரத்தை அடைந்துவிடுகின்றது. இந்நாட்டு நண்பகலும் எமது ஊரின் பொங்கல் வேளையும் சூரியனின் உயரத்தில் ஒன்றே.

ஆகவே, முகில் இல்லாத ஒரு தை நாளில் நண்பகலிற் பிள்ளையை வெளியே அழைத்துச் சென்று அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். 120 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளையின் நிழல் 5 மீற்றருக்கும் மேல் நீண்டிருக்கும். “பானைக்கும் அம்மம்மாவுக்கும் முற்றத்தில் இப்படித்தான் நிழல் விழுந்தது” என்று சொன்னால், பிள்ளை சூரியனைத் தாளின் மேல்மூலையில் வரையாது. கிடுகுவேலிக்குச் சற்று மேலே, ஒரு முட்டி உயரத்தில் வரையும். கிழக்கு நோக்கிப் பார்ப்பதாகப் படம் அமைந்தால், சூரியன் சற்று வலப்புறமாக இருக்கும். நிழல்கள் எம்மை நோக்கி, சிறிது இடப்புறமாகச் சரிந்து விழும். பானையின் எமது பக்கம் இருண்டும், வழியும் நுரையின் விளிம்பு ஒளிர்ந்தும் தோன்றும்.

பானை

பொங்கற்பானையின் அடி உருண்டையானது. அது தானாக நிற்காது. அதனாலேயே மூன்று கற்களை வைத்து அடுப்புக் கூட்டுகின்றோம். இக்காரணத்தைச் சொன்னால் பிள்ளை பானையையும் அடுப்பையும் சேர்த்தே விளங்கிக்கொள்ளும். அகன்ற வயிறு, ஒடுங்கிய கழுத்து, வெளியே மடிந்த வாய் என்று வடிவத்தை விரலால் வரைந்து காட்டுங்கள். பானை புதியது என்பதால் மேற்பகுதி செம்மண் நிறமாக இருக்கும். அடிப்பகுதி மட்டும் புகையிற் கறுத்திருக்கும்.

அலங்காரம் என்றதும் பிள்ளை பானை முழுவதும் பூக்களை வரைந்துவிடக்கூடும். கழுத்தில் இலையுடன் கூடிய மஞ்சட் செடியும் இஞ்சிச் செடியும் கட்டியிருப்பதையும், வயிற்றில் திருநீற்றுக் குறியும் சந்தன குங்குமப் பொட்டும் இருப்பதையும் சொல்லுங்கள். நிலம் சாணத்தால் மெழுகப்பட்டது. அதன்மேல் அரிசிமாக் கோலம். அருகே நிறைகுடமும் குத்துவிளக்கும். அடுப்பில் எரிவது தென்னம்பாளையும் பொச்சுமட்டையும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, வரையவேண்டிய கணத்தைத் தெரிந்துகொள்வது. பால் பொங்கி வழியும் கணமே பொங்கலின் உச்சம். முதலில் எப்பக்கம் வழிகின்றது என்று பெரியோர் குனிந்து பார்ப்பர். சிறுவர் சீனவெடி கொளுத்தக் காத்திருப்பர். அரிசி இன்னும் பானைக்குள் இடப்படவில்லை. அது வீட்டுத் தலைவரின் கைகளில் இருக்கின்றது. இக்கணத்தைச் சொன்னால், படத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் செய்வதற்கு ஒரு காரியம் கிடைக்கும். சொல்லாவிட்டால், எல்லோரும் வரிசையாக நின்று புகைப்படத்துக்கு முகங்காட்டுவதுபோல் ஆகிவிடும்.

கரும்பு

டென்மார்க்கிற் சீனி நிலத்துக்கு அடியில் விளைகின்றது. லோலண்ட், பால்ஸ்டர் தீவுகளில் பயிராகும் பீற்றூட் இனக் கிழங்கிலிருந்தே இந்நாட்டுச் சீனி ஆலைகள் சீனி எடுக்கின்றன. ஆகவே, ஆளுயரத்துக்கு மேல் வளரும் புல் ஒன்றின் தண்டிற் சீனி உண்டு என்பது பிள்ளைக்குப் புதுமையான செய்தி.

நாணலிலிருந்து கரும்பை வேறுபடுத்திக் காட்ட மூன்று அடையாளங்கள் போதும். தண்டு பிள்ளையின் மணிக்கட்டளவு தடித்தது. சாண் அளவுக்கு ஒரு கணுவாக வளையமிட்டிருக்கும். பொங்கலுக்கு நிறுத்தும் கரும்பின் தோல் பெரும்பாலும் கருஞ்சிவப்பு. உச்சியில் நீண்ட தோகை வளைந்து தொங்கும். தோகையை வெட்டாமலே கோலத்தின் இருபுறமும் நிறுத்துவர். இரு தோகைகளும் மேலே ஒன்றையொன்று தொடும்போது அது பானைக்கு ஒரு வாயில்போல் அமையும்.

மாடு

பெருந்தவறு நேர்வது இங்கேதான். நாட்காட்டிப் படங்களைப் பார்த்த பழக்கத்தில், அலங்கரித்த மாட்டைப் பொங்கற்பானைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகின்றோம். ஆனால் முதல் நாட் பொங்கல் சூரியனுக்குரியது. மாட்டுக்குரியது மறுநாள், எமது ஊர்களில் அதனைப் பட்டிப்பொங்கல் என்போம். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, நெற்றியிற் பொட்டிட்டு, மாலை சூட்டி, பொங்கலை அவற்றுக்கு ஊட்டுவது அன்றுதான். முதல் நாட் காட்சியில் மாடு வேண்டுமாயின், அது அலங்காரமின்றித் தூரத்தே மாட்டுமாலில் வைக்கோல் தின்றுகொண்டிருக்கட்டும்.

இந்நாட்டுப் பிள்ளை அறிந்த மாட்டுக்குப் பெரும்பாலும் கொம்பில்லை. பாற்பண்ணைகளிற் கன்றாக இருக்கும்போதே கொம்பு வளராதவாறு செய்துவிடுகின்றனர். தை மாதத்தில் மாடுகளை வெளியே காண்பதும் அரிது. ஏப்ரலில் இயற்கைவழிப் பண்ணைகள் பசுக்களைப் புல்வெளிக்குத் திறந்துவிடும்போது அவை துள்ளி ஓடுவதைத்தான் பிள்ளைகள் பார்த்திருப்பர். எனவே, திமில், கழுத்தின்கீழ்த் தொங்கும் அலைதாடி, கொம்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே சொல்ல வேண்டும். கொம்பில்லாத மாட்டை வைத்துக்கொண்டு பட்டிப்பொங்கலை வரைய இயலாது. வர்ணம் பூச இடமில்லை.

குறிப்பு எவ்வாறு அமையலாம்?

மேற்கூறியவற்றைச் சேர்த்து, பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வாறு சொல்லலாம்: “யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு முற்றம். தைப்பொங்கல், காலை ஏழரை மணி. நீ வாசற்படியில் நின்று கிழக்கே பார்க்கிறாய். வேலிக்குச் சற்று மேலே, வலப்புறமாகச் சூரியன். கோலத்தின் நடுவே மூன்று கல்லின்மேல் உருண்டைப் பானை. கழுத்தில் மஞ்சள் இலை. இருபுறமும் தோகையோடு கரும்பு. பால் இப்போதுதான் வழிகிறது. அம்மம்மா குனிந்து பார்க்கிறார். அப்பப்பாவின் இரு கைகளிலும் அரிசி. எல்லாருடைய நிழலும் உன்னை நோக்கி நீண்டிருக்கிறது.”

இதில் இடம், நேரம், பார்ப்பவர் நிற்கும் திசை, நடக்கும் செயல் என்ற நான்கும் உண்டு. வர்ணத்தையும் முகங்களையும் பிள்ளையிடமே விட்டுவிடலாம். பட்டிப்பொங்கலுக்கு வேறொரு தாளும் வேறொரு குறிப்பும் கொடுப்பதே நன்று.

இந்நாட்டுப் பொங்கலுக்கும் ஒரு தாள் ஒதுக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே இருள். மின்னடுப்பின்மேல் தட்டையடி எவர்சில்வர்ப் பானை. அப்பா வேலைக்குப் புறப்படும் உடையில். கடையில் வாங்கிய ஒரு முழக் கரும்புத் துண்டு மேசையில். மாடு இல்லை, சூரியனும் இன்னும் எழவில்லை. இது பிள்ளை தன் கண்ணாற் கண்ட பொங்கல்; ஆகவே, எவரும் விளக்காமலே பிழையின்றி வரையும். இதனையும் முற்றத்துப் பொங்கலையும் ஒரே தாளிற் கலக்கும்போதுதான் எந்த ஊருக்கும் சேராத படம் பிறக்கின்றது. இரண்டையும் தனித்தனியே வரையச் செய்து பக்கத்திற் பக்கமாகச் சுவரில் ஒட்டுங்கள். பானையின் அடி ஏன் மாறியது, நிழல் எங்கே போயிற்று என்று பிள்ளையே கேட்கத் தொடங்கும்.